லிங்கராஜின் ஆட்சேபணை

கோவில்பட்டி எட்டயபுரம் ரோட்டில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கும் லிங்கராஜுக்கு, ஊரில் யாராவது இறந்தால் வேலை இரண்டு. முதலில் கண்ணீர் அஞ்சலி பேனர் அடிப்பார். பிறகு இறந்தவரைப் பற்றி நாலைந்து வரி எழுதி ஃபேஸ்புக்கில் போடுவார். தீப்பெட்டி ஆபீசில் அவர் கை எவ்வளவு வேகம், பஸ்ஸில் யாருக்கு இடம் பிடித்துக் கொடுப்பார் என்றெல்லாம் விசாரித்து எழுதுவார். அதைப் படித்துத்தான் சென்னையிலும் துபாயிலும் இருப்பவர்களுக்குத் துக்கம் தெரியவரும்.

ஒருநாள் காளீஸ்வரன் தன் மாமியாருக்குப் பேனர் அடிக்க வந்தார். வாசகத்தையும் போனிலேயே கொண்டுவந்திருந்தார்.

“அண்ணாச்சி, நீங்க சிரமப்பட வேண்டாம். ஏஐ-ல கேட்டேன், எழுதித் தந்துட்டு.”

லிங்கராஜ் வாங்கிப் படித்தார். ‘கரிசல் வெயிலுக்குக் குடையாய் இருந்தவள்’ என்றிருந்தது. போன வருடம் ஒரு டீச்சரம்மாவுக்கு அவர் எழுதிய வரி. அது அவரிடமிருந்துதான் போனது என்று நிரூபிக்க வழியில்லை. வேறு யாருக்கும் தோன்றக்கூடிய வரிதான் என்று காளீஸ்வரன் சமாதானம் சொன்னார். அந்தச் சமாதானம்தான் லிங்கராஜுக்கு அதிகம் வலித்தது.

அன்றே வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருந்த ஓர் அறிவிப்பை எடுத்துத் தன் பக்கத்தில் போட்டார். ‘லிங்கராஜ் ஆகிய நான், என் பதிவுகளைச் செயற்கை நுண்ணறிவுக்குப் பயன்படுத்த அனுமதி தரவில்லை.’ அவர் எழுதிய எந்த அஞ்சலிக்கும் கிடைக்காத வரவேற்பு அதற்குக் கிடைத்தது. ஊரில் பாதிப்பேர் அதை நகலெடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டார்கள். பெயரை மாற்ற மறந்துபோனதால், இரண்டொரு நாள் கோவில்பட்டியில் பார்த்த இடமெல்லாம் ‘லிங்கராஜ் ஆகிய நான்’தான்.

அவர் மனைவி சுதாராணி மில் ஆபீசில் வேலை பார்ப்பவள். எதையும் கடைசி வரிவரை படித்துப் பார்ப்பாள்.

“அதைப் போட்டா ஒண்ணும் நடக்காதுங்க. நீங்க கணக்கு ஆரம்பிக்கும்போதே அவிய கண்டிசனுக்குச் சரின்னு சொல்லியாச்சு. செட்டிங்ஸ்ல என்ன இருக்குன்னுதான் பாக்கணும்.”

பார்த்தார்கள். எக்ஸ் தளத்தில் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. அங்கே பதிவுகளை ஏஐ-யின் பயிற்சிக்குக் கொடுக்கச் சம்மதம் என்று ஒரு டிக் இருந்தது, எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கணக்கில் அவர் எழுதியிருந்தது மொத்தமே ஒரு பொங்கல் வாழ்த்துதான்.

“ஃபேஸ்புக்ல?”

“ஐரோப்பாக்காரவுகளுக்கு ஆட்சேபணை சொல்ல ஒரு படிவம் இருக்கு. நமக்கு அப்படி எதுவும் காணலை.”

“நம்ம ஆட்சேபணை மட்டும் ஆட்சேபணை இல்லையாக்கும்?”

“எல்லாரும் பாக்குற மாதிரி போடுற பதிவைத்தான் எடுக்காவ. நண்பர்களுக்கு மட்டும்னு மாத்திக்கலாம். பழசையும் மொத்தமா மாத்தலாம். ஆனா மெசினு ஏற்கெனவே படிச்சதைத் திருப்பி வாங்க முடியாது. உங்களைப் பாத்து அடுத்தவக எழுதிப் போட்டதும் அப்படியேதான் கெடக்கும்.”

லிங்கராஜ் எல்லாவற்றையும் பூட்டினார். பெரிய கம்பெனியை எதிர்த்து நின்ற நிறைவு முகத்தில் தெரிந்தது. மறுநாள் முதல் அவர் பக்கத்தில் புதிதாக எதையும் பார்க்க முடியாதவர்கள் சுதாராணிக்குப் போன் போட்டு, “அண்ணாச்சிக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார்கள்.

அந்த வாரத்தில்தான் மிக்கேலம்மாள் இறந்தாள். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியே ஆளானவள். லிங்கராஜ் மனம் கரைந்து எழுதினார், வழக்கத்தைவிட நன்றாகவே. நண்பர்களுக்கு மட்டும். அவர்கள் பகிர்ந்தாலும் வெளியாட்களின் கண்ணில் அது படவில்லை. மிக்கேலம்மாளின் பழைய தோழிகள் பலர் ஃபேஸ்புக்கில் லிங்கராஜுக்கு நண்பர்களே அல்ல. வெறுமனே வந்து படித்துவிட்டுப் போகிறவர்கள்.

அடக்கம் முடிந்த பிறகு மணியாச்சியிலிருந்து மிக்கேலம்மாளின் தோழி பத்திரகாளி கடைக்கு வந்தாள். அழவில்லை.

“அவளுக்கு ஏதும்னா நீங்க போடுவீகன்னுதான் தெனம் பாத்துக்கிட்டே இருந்தேன், அண்ணாச்சி. ஒண்ணும் வரலை. அவ நல்லாத்தான் இருக்கான்னு நெனச்சுட்டேன்.”

லிங்கராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டார். போனை எடுத்து அந்தப் பதிவைத் திறந்து அவள் கையில் கொடுத்தார். அவள் உதடசைத்து முழுவதும் படித்தாள். படித்து முடித்ததும் இன்னொருமுறை முதலிலிருந்து படித்தாள்.

அவள் போன பிறகு, பதிவின் மேலிருந்த ‘நண்பர்கள்’ என்பதை ‘எல்லோரும்’ என்று மாற்றினார். சாயங்காலம் சுதாராணி பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“தொறந்துட்டீகளா?”

“சாவுச் செய்தியை மட்டும். மெசினு படிச்சா படிச்சுட்டுப் போகட்டும். சொல்லி அனுப்ப வேற ஆள் இல்லை.”

அவருடைய கோயில் கொடை விழாப் படங்களும் குடும்பப் படங்களும் இன்றுவரை பூட்டியே இருக்கின்றன. அவற்றை எந்த இயந்திரமும் தேடி வந்ததாகத் தெரியவில்லை.

மிக்கேலம்மாள் பதிவு மதுரை, திருநெல்வேலி தாண்டியும் போனது. கீழே யாரோ முன்பின் தெரியாதவர் எழுதியிருந்தார்: ‘ரொம்ப உருக்கமா இருக்கு சார். எந்த ஏஐ-ல எழுதுனீங்க?’