மயங்கியது அவர், பேர் எனக்கு

எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் பேரை அச்சில் பார்க்கும் ஆசை எனக்குக் கொஞ்சம் கூடுதல். மருத்துவ மேற்படிப்பு முடிவதற்குள் ஒரு ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வரவேண்டும் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நோயாளிகளைப் பார்த்திருந்தேன். சாதாரண காய்ச்சலும் சாதாரண இருமலும்தான் வந்தன. அப்போதுதான் வார்டுக்கு வந்தார் சோடாக்காரர்.

நெற்றியில் நாலு தையல். கூடவே அவர் மனைவி, கையில் ஒரு பை நிறைய சோடா பாட்டில். ஆஸ்பத்திரிக்கு ஏன் சோடா என்று கேட்டேன்.

"இதைக் குடிச்சாத்தான் விழறாரு தம்பி. நீங்க நம்பணும்ல?" என்றார் அந்த அண்ணி.

சோடாக்காரர் ஆரம்பத்தில் ஒரு பானக் கம்பெனியில் மூட்டை இறக்கினவர். கம்பெனி மூடியபோது அங்கே துருப்பிடித்துக் கிடந்த கேஸ் அடைக்கும் இயந்திரத்தை வாங்கி வந்து, எண்ணெய் போட்டு, திட்டி, தட்டி, ஓடவைத்துவிட்டார். அதே இயந்திரம்தான் இன்றும் கடையின் பின்னறையில் உறுமுகிறது. அவருக்கு ஒரு வழக்கம். காலையில் அடைக்கும் முதல் பாட்டிலைக் கடைவாசலில் நின்று, நாலு பேர் பார்க்க, ஒரே மூச்சில் குடிப்பார். "நான் குடிக்காததை அடுத்தவனுக்குக் குடுக்க மாட்டேன்" என்பது அவருடைய விளம்பரம். போர்டுகூட அவர் வைத்ததில்லை.

அந்த விளம்பரம்தான் அவர் காலை வாரியது. சில மாதங்களாக முதல் பாட்டில் இறங்கியதும் கண் இருட்டிக்கொண்டு வரும். ஒருநாள் வாசலிலேயே, நாலு பேர் பார்க்க, அடியற்ற மரமாகச் சாய்ந்தார். எதிரே டீக்கடை. டீக்கடைக்காரர் அன்று மாலைக்குள் தெரு முழுக்கச் செய்தி வாசித்துவிட்டார்: "அவன் சோடாவைக் குடிச்சு அவனே மயங்கிட்டான். நீங்க என்ன ஆவீங்களோ!"

இதயத்துக்கு ஸ்கேன் எடுத்தோம், சரியாக இருந்தது. உணவுக்குழாயைக் கேமரா விட்டுப் பார்த்தோம், அதுவும் சுத்தம். இதயத்துடிப்பைக் குறைக்கிற மாத்திரை எதுவும் அவர் சாப்பிடவில்லை. கடைசியில் எங்கள் யூனிட் தலைவரான மேடம் சொன்னார்: "மானிட்டர் மாட்டி நம்ம கண் முன்னாடி குடிக்க வைப்போம். அவசர மருந்தும் கருவியும் பக்கத்துலயே இருக்கட்டும்."

படுக்கையில் சாய்ந்தபடி சோடாக்காரர் குடித்தார். முதலில் சாதாரணத் தண்ணீர், சின்ன மிடறு. ஒன்றும் இல்லை. அடுத்து ஐஸ் தண்ணீர், பெரிய மிடறு. இதயம் ஒரு துடிப்பை விட்டு, இன்னொன்றையும் விட்டு, யோசித்துவிட்டு மறுபடி தொடங்கியது. அவருக்குத் தலை லேசாகச் சுற்றியது. கடைசியில் அண்ணி கொண்டுவந்த சோடா. மானிட்டரில் கோடு அப்படியே படுத்துக்கொண்டது. ஒரு நொடி, இரண்டு, ஐந்தைத் தாண்டியும் எழவில்லை. மேடத்தின் கை மருந்து ஊசிக்குப் போவதற்குள் கோடு துள்ளி எழுந்தது. சோடாக்காரர் கண்ணைத் திறந்தார்.

"என்ன ஆச்சுன்னு தெரியுதா அண்ணே?"

"கேஸ் கொஞ்சம் கம்மி" என்றார் அவர்.

விழுங்கும்போது உணவுக்குழாய் விரிகிறது. அந்தச் செய்தி ஒரு நரம்பு வழியாக மூளைக்குப் போய், ‘மெதுவாகத் துடி’ என்ற கட்டளையாக இதயத்துக்குத் திரும்புகிறது. எல்லோருக்கும் இது நடக்கிறதுதான். ஆனால் சிலருக்கு அந்தக் கட்டளை அளவுக்கு மீறிப் போய் இதயத்தை ஒரு கணம் நிறுத்தியே விடுகிறது. அபூர்வமான கோளாறு. எனக்கு அந்த இடத்திலேயே குதிக்க வேண்டும் போலிருந்தது.

முதலில் எளிய வழியைச் சொன்னோம்: குளிர்ச்சியாக வேண்டாம், கேஸ் வேண்டாம், பெரிய மிடறு வேண்டாம்.

"ஜில்லுன்னு இல்லாம, கேஸ் இல்லாம, சொட்டுச் சொட்டாக் குடிச்சா அதுக்குப் பேரு சோடாவா டாக்டர் தம்பி?"

இருந்தாலும் கேட்டு நடந்தார். சோடாவை விட்டார். அப்படியும் ஒரு மதியம் சோற்றை அவசரமாக விழுங்கித் தட்டின்மேலேயே சாய்ந்தபோது, இனித் தள்ளிப்போட வேண்டாம் என்று நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தோம். இதயம் நின்றால் அது உடனே தட்டி எழுப்பிவிடும். மறுபடி மானிட்டர் முன்னால் சோடா குடிக்கவைத்துப் பார்த்தோம். கருவி வேலை செய்தது. அவர் ஏப்பம் விட்டார். வார்டே கைதட்டியது.

பிறகு நான் எழுத உட்கார்ந்தேன். நோயின் வரலாறு, பரிசோதனையில் கண்டவை, செய்த சிகிச்சை, மூன்று மாதம் கழித்து எப்படி இருக்கிறார் என்ற நிலை எல்லாம் ஒழுங்காக எழுதி, மேலே ஒரு தலைப்பும் வைத்தேன்: ‘சோடா தந்த மயக்கம்’. எனக்கே என்னைப் பார்த்துப் பெருமையாக இருந்தது. கட்டுரையின் கடைசியில் ‘நோயாளியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் பெறப்பட்டது’ என்று போட்டு மேடத்திடம் நீட்டினேன்.

"எந்தச் சம்மதம்?"

"ஃபைல்ல இருக்கே மேடம். பேஸ்மேக்கருக்குக் கையெழுத்துப் போட்டாரே."

"அது நெஞ்சைத் திறக்கக் குடுத்த சம்மதம். ஊருக்குச் சொல்றதுக்குக் குடுத்ததா அது? இதழோட சம்மதப் படிவம் தனி. அவரை உட்காரவெச்சு, எழுதினதைப் படிச்சுக் காட்டி வாங்கிட்டு வா. வேண்டாம்னாருன்னா மூட்டையைக் கட்டிடு. அவர் சிகிச்சையில ஒரு குறையும் வரக் கூடாது. அதையும் சொல்லு."

கடைக்குப் போனேன். அண்ணி ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். இரண்டாவது வரியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"‘ஐம்பதுகளில் உள்ள ஓர் ஆண்’ யாரு?"

"நீங்கதான் அண்ணே. பேரு போடக் கூடாது. அடையாளம் தெரியக் கூடாது. சட்டம்."

"சரி. கடைசில அச்சாகி வரும்போது யாரு பேரு போடுவீங்க?"

"என் பேரு. மேடம் பேரு."

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியாடி? விழுந்தது நான், தையல் எனக்கு, நெஞ்சுல டப்பா எனக்கு. பேரு இவருக்கு!"

அண்ணி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். மேலே படித்தேன். ‘நோயாளி மதுப்பழக்கத்தை மறுத்தார்’ என்ற இடத்தில் மறுபடி கை.

"நான் எங்க மறுத்தேன்? இல்லைன்னுதானே சொன்னேன்? மறுத்தாருன்னு போட்டா, மாட்டிக்கிட்டு மழுப்புன மாதிரி இருக்கு."

"உண்மையில கொஞ்சம் மழுப்புனதுதான்" என்றார் அண்ணி.

"நீ சும்மா இரு. அதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடி."

‘மதுப்பழக்கம் இல்லை’ என்று திருத்தினேன். எல்லாம் முடிந்து தலைப்பைச் சொன்னதும்தான் அவர் முகம் மாறியது. விளையாட்டுக் குணம் முழுக்க வடிந்துபோனது. எதிர்க்கடையைக் காட்டினார். அங்கே பெஞ்சு நிறைய ஆள். இங்கே என்னைத் தவிர ஈ காக்கை இல்லை.

"தம்பி, அந்த ஆளு வாயால சொல்லியே என் கடை இப்படி ஆயிருச்சு. நீங்க அதையே அச்சடிச்சு உலகத்துக்கெல்லாம் அனுப்பப் போறீங்க. சோடா தந்த மயக்கம்! நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"இதை இங்க யாரு படிக்கப் போறா அண்ணே? டாக்டருங்கதான் படிப்பாங்க."

"டாக்டருங்க சோடா குடிக்க மாட்டாங்களா?"

படிவத்தை மடித்து வைத்தேன். என் முதல் கட்டுரை அந்த ஸ்டூலோடு முடிந்தது என்று நினைத்தேன். கட்டுரை சோடாவைக் குற்றம் சொல்லவில்லை என்று அவருக்குக் காட்டவாவது செய்யலாமே என்று பரிசோதனைப் பக்கத்தைப் புரட்டினேன். ஐஸ் தண்ணீருக்கு ஒரு வரி. சோற்றுக்கு ஒரு வரி. நானே எழுதியதுதான். தண்ணீருக்கும் தடுமாறியிருக்கிறது, சோற்றுக்கும் சாய்ந்திருக்கிறார். குற்றவாளி விழுங்குவது. சோடா வெறும் கூட்டாளி. கவர்ச்சிக்காக நான் வைத்த தலைப்பை என் கட்டுரையே பொய்யென்று சொல்லிக்கொண்டிருந்தது.

"அண்ணே, தலைப்பை மாத்துறேன். உங்களுக்காக இல்ல. தப்பா இருக்கு."

‘விழுங்கும்போது நிற்கும் இதயம்’ என்று எழுதினேன். அதே சோடாவைக் குடித்த வீட்டார் யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்பதை அவர்களிடம் கேட்டு வரலாற்றில் சேர்த்தேன். நோயாளி தன் அனுபவத்தைச் சொல்ல இதழில் ஒரு சின்னப் பத்தி உண்டு. அதில் என்ன போடட்டும் என்றேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"‘தப்பு என் நரம்பு மேலதான். சோடா மேல இல்ல.’ போடுங்க."

போட்டேன். அச்சாகும்வரை எப்போது வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், அச்சான பிறகு முடியாது, பேர் போடாவிட்டாலும் தெரிந்தவர்கள் அடையாளம் கண்டுகொள்ள வாய்ப்பு உண்டு என்று படிவத்தில் இருந்ததை எல்லாம் சொன்னேன்.

"கண்டுக்கட்டும்னுதானே சொல்றேன்!" என்று கையெழுத்துப் போட்டார்.

கட்டுரை வந்தது. அப்பா அதைக் கையில் வாங்கி, ஒரு எழுத்தும் புரியாமல், என் பேர் இருக்கும் இடத்தை மட்டும் விரலால் தடவிக்கொண்டே இருந்தார். ஒரு பிரதியைச் சோடாக்காரருக்குக் கொடுத்தேன். அடுத்த முறை அந்தப் பக்கம் போனபோது அது கடைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. ‘ஐம்பதுகளில் உள்ள ஓர் ஆண்’ என்ற இடத்தில் சிவப்பு மையில் வட்டம். வட்டத்திலிருந்து ஒரு அம்புக்குறி. அம்பின் முனையில் அவருடைய போட்டோ.

நானும் மேடமும் வரிக்கு வரி பார்த்து மறைத்த அடையாளம் அது.

டீக்கடைக்காரரே அங்கே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பிடித்துக்கொண்டார். "நீங்கதானே எழுதினது? இதுல இருக்கிறது இவருதானா?"

"அதை நான் சொல்லக் கூடாதுங்க."

"பாத்தீங்களா! டாக்டரே சொல்ல மாட்டேங்கிறாரு!"

"தம்பி!" சோடாக்காரர் அலறினார். "நானே சொல்றேன், நீங்க சொன்னா என்ன?"

"நீங்க சொல்லலாம் அண்ணே. உங்க விஷயம். நான்தான் சொல்லக் கூடாது." டீக்கடைக்காரர் பக்கம் திரும்பினேன். "ஆனா அதுல நோயாளி சொன்ன பத்தி என்ன சொல்லுதுன்னு யாருக்கு வேணும்னாலும் படிச்சுக் காட்டலாம்." படித்தேன். தப்பு நரம்பு மேல், சோடா மேல் இல்லை.

டீக்கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் அண்ணி ஒரு பாட்டிலைத் திறந்து அவர் கையில் வைத்துவிட்டார். சோடாக்காரர் தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டார். டீக்கடை பெஞ்சிலிருந்தவர்கள் எழுந்து வந்து வட்டமாக நின்றார்கள். யார் விழுவார் என்று பார்க்கத்தான்.

இருவரும் ஒரே மூச்சில் குடித்தார்கள். இருவரும் நின்றார்கள்.

"எப்படி?" என்றார் சோடாக்காரர்.

டீக்கடைக்காரர் பெரிதாக ஏப்பம் விட்டார். கூட்டத்தில் ஒருவர் எனக்கு ஒன்று என்றார், இன்னொருவர் இரண்டு என்றார். அண்ணி பின்னறைக்கு ஓடி இயந்திரத்தைத் தட்டினார்.