நூலை அறுத்தது யாரோ

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டும் வள்ளித்தாய்க்குப் பாட்டுக் கட்டுவதும் கைவந்திருந்தது. கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர்கள் கூட்டிய கூட்டத்துக்கு அவள்தான் பாட்டெழுதினாள். மெட்டுப் போட்டவன் கீபோர்டு வாசிக்கும் வேல்ராஜ். பாட வந்தவள் ராயகிரியைச் சேர்ந்த சண்முகப்ரியா. அவளுக்கு அதுதான் முதல் மேடை.

அன்று மாலை ஆறு மணிக்குக் கூட்டம். நான்கு மணிக்கு, பேருந்து நிலையத்தின் பின்னால் இருந்த ஒரு மாடியில் ஒத்திகை பார்த்தபோது பல்லவியில் சிக்கல் வந்தது.

“அறுந்து போச்சே என் நூலு” என்பது வரி. மேல் ஸ்தாயியில் ‘நூ’வை எட்டுத் தாளம் நிறுத்த வேண்டும். மூன்றாம் தாளத்திலேயே தொண்டை இறுகியது. நான்காவது முறை குரல் உடைந்தது. சண்முகப்ரியா தண்ணீரைக் குடித்துவிட்டுத் தலை குனிந்தாள்.

வேல்ராஜ் சுருதியை இறக்கிப் பார்த்தான். பல்லவி தேறியது, ஆனால் சரணத்தின் கீழ்ச்சுரங்களில் அவள் குரலே கேட்கவில்லை. வேறு பாடகியைக் கூப்பிடலாமா என்று போனை எடுத்தான். சண்முகப்ரியாவின் கண் கலங்கிவிட்டது.

வள்ளித்தாய் தானே அந்த வரியை வாய்விட்டு இழுத்துப் பார்த்தாள். ‘ஊ’வில் உதடு குவிந்தது, மூச்சுக்கு வழி இல்லை. தறிச் சத்தத்துக்கு நடுவே எட்டத்தில் நிற்பவளைக் கூப்பிட, தான் ‘வா’ என்றுதானே இழுக்கிறோம் என்று தோன்றியது. அப்போது தாடை தானாக இறங்கும், நெஞ்சு நோகாது. ‘நீ’ என்று இழுத்தாலும் ‘ஊ’வைப் போலத்தான் இறுகும் என்பதையும் சோதித்துக்கொண்டாள். அந்த இடத்தில் ‘ஆ’ வந்தாக வேண்டும். அசையும் குறையக் கூடாது.

எழுதி எழுதி அடித்தாள். மணி ஐந்தரை ஆகியிருந்தது. ‘நூலு’வை வரியின் தொடக்கத்துக்கு நகர்த்தியதும் வந்து விழுந்தது: “நூலை அறுத்தது யாரோ.”

வேல்ராஜ் விரலால் எண்ணினான். எட்டு அசையும் சரி. ஆனால் அவன் முகம் மாறியது.

“யக்கா, முன்னால அழுதீக. இப்பம் கேள்வில்லா கேக்கீக. கூலி பேச ஒங்க முதலாளியும் வாராராம்.”

வள்ளித்தாய் பேனாவை மறுபடி எடுத்தாள். முதலாளி செல்லச்சாமி அண்ணாச்சியின் தறியில் அவளுக்குப் பதினோரு வருஷப் பிழைப்பு. ‘ஆ’ உள்ள வேறு சொல்லைத் தேடினாள். ஒன்றும் பொருந்தவில்லை. சண்முகப்ரியா அதற்குள் மெல்லப் பாடிப் பார்த்தாள். ‘யா’ வாய் நிறையத் திறந்து, நடுங்காமல் எட்டுத் தாளமும் நின்றது.

“நல்லா நிக்கு அக்கா. இத மாத்திராதீக.”

வள்ளித்தாய் தாளை மடித்து அவள் கையில் கொடுத்தாள்.

மேடையில் அந்த ‘யா’ எழுந்ததும் கூட்டம் அடங்கிப் போனது. இரண்டாம் முறை ஜனமே சேர்ந்து இழுத்தது. முன்வரிசையில் இருந்த செல்லச்சாமி துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் காலை தறிப் பட்டறை வாசலிலேயே அவளை நிறுத்தினார்.

“யாருன்னு என்னையத்தான கேட்ட?”

“பாடுத பிள்ளைக்கு மூச்சு நிக்கணும்னு மாத்துனேன் அண்ணாச்சி,” என்றாள். பிறகு, உண்மை அதோடு முடியவில்லை என்பதால், “கேட்டதும் கேட்டதுதான்,” என்றாள்.

அன்று முதல் அவளுக்கு அங்கே தறி இல்லை. மூன்றாம் வாரம் வேறொரு பட்டறையில் சேர்ந்தாள். சண்முகப்ரியா கோயில் கச்சேரிகளுக்குப் போக ஆரம்பித்தாள்; புதுப் பாட்டு வந்தால், நீளும் இடத்தில் என்ன எழுத்து வந்தால் மூச்சு நிற்கும் என்று போனில் வள்ளித்தாயைக் கேட்டுக்கொள்கிறாள்.