சோடாத் தண்ணியில் ஊறிய ஸ்வெட்டர்

கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில் நான் சமைக்கிற விடுதிக்கு வருகிறவர்கள் என்ன சாப்பாடு என்று கேட்பதற்கு முன்னால், "காயெல்லாம் எப்படிக் கழுவுறீங்க?" என்று கேட்பார்கள். முதலில் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். நான் என்ன மண்ணோடு அள்ளிப் போட்டா சமைக்கிறேன்? அப்புறம் பழகிவிட்டது. பதிலையும் பாடம் மாதிரி ஒப்பிப்பேன்.

மண் போகக் குழாய்த் தண்ணீரில் ஒரு அலசு. முட்டைக்கோசு என்றால் மேல் இலை இரண்டு மூன்றை உரித்து எறிந்துவிடுவேன். பிறகு வாளித் தண்ணீரில் சமையல் சோடாவைக் கரைத்து, கேரட்டையும் பீன்ஸையும் அதில் கால் மணி நேரம் ஊறப் போடுவேன். எடுத்து, ஓடுகிற தண்ணீரில் கையால் நன்றாகத் தேய்த்துக் கழுவுவேன். காலிபிளவருக்கு உப்புத் தண்ணீர், அது புழு வெளியே வருவதற்கு. ஸ்ட்ராபெரியை வினிகர் கலந்த தண்ணீரில் முக்கி உடனே எடுத்துவிடுவேன். விட்டால் கொழகொழத்துப் போகும்.

விடுதிக்காரம்மா மதுரையிலிருந்து வந்து இங்கே தங்கிவிட்டவர். நல்ல மனுஷிதான். ஆனால் எல்லாமே வந்தவர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் அவருக்கு. ஆரம்பத்தில் ஒரே வாளியில் சோடாவையும் வினிகரையும் சேர்த்து ஊற்றச் சொன்னார். புஸ்ஸென்று நுரை பொங்கும். வந்தவர்கள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து படம் பிடிப்பார்கள். நானும் வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன், விஷமெல்லாம் கொதித்து வெளியே வருகிறதே என்று. கடைசியில் தங்க வந்த ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியார்தான், இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடும், நுரையில் ஒன்றும் இல்லை என்று சொன்னார். அன்றோடு நுரை நின்றது.

இதை வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கு மேல்மலையில் காய்கறி விளைகிற காடுகளில் பூச்சிமருந்து அடிக்கிற வேலை. கோசு, கேரட், உருளைக்கிழங்கு, எந்தக் காட்டுக்குக் கூப்பிட்டாலும் முதுகில் டேங்க்கை மாட்டிக்கொண்டு போய்விடுவார்.

"ஏ புள்ள, மேல அடிக்கிறது கழுவுனா கொஞ்சம் போகும். வேருல ஊத்துறோம்ல, அது செடிக்குள்ளயே ஏறிரும். அத எந்தச் சோடாவ வச்சுக் கழுவுவ?"

"அத எதுக்குங்க ஊத்துறீங்க பின்ன?"

"நானா ஊத்துறேன்? காட்டுக்காரன் ஊத்தச் சொல்றான்."

அப்படிச் சொல்லிக்கொண்டே கேரட்டை வேட்டியில் துடைத்துக் கடிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்களுக்குள் சண்டை என்றால் அது அவருடைய ஸ்வெட்டரால்தான். கெட்டிக் கம்பளி, பச்சை நிறம். மேல்மலைக் குளிருக்கு அது இல்லாமல் அவரால் காட்டில் நிற்க முடியாது. டேங்க்கின் மூடி ஒழுகும், ஒழுகுவது முதுகில் இறங்கும், கம்பளி அத்தனையையும் குடித்து வைத்துக்கொள்ளும். சட்டையைத் துவைக்கத் தருவார், ஸ்வெட்டரைத் தர மாட்டார். மழைக் காலத்தில் இங்கே கைக்குட்டையே மூன்று நாளைக்குக் காயாது. பனிமூட்டத்தில் கம்பளி எப்போது காய?

"கழட்டிக் குடுங்க. நாத்தம் குடலப் புடுங்குது."

"தொவச்சா ஒரு வாரம் கெடக்கும். அதுவரைக்கும் நான் வெறச்சுச் சாகவா?"

குளிக்கவும் மாட்டார். அந்தக் குளிர்ந்த தண்ணீரை நினைத்தாலே பல் கிட்டும். வெந்நீர் வைத்துக் கொடுத்தால் கையையும் காலையும் கழுவிக்கொள்வார். அவர் மட்டுமில்லை, அவரோடு மருந்தடிக்கிற எல்லோருமே அப்படித்தான். வாரம் முழுக்க ஒரே ஸ்வெட்டர்.

போன ஐப்பசியில், மழை சற்று விட்டிருந்த நாள். விடுதியில் பீன்ஸை ஊறப் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. கூட வேலை செய்கிறவர்.

"மதினி, அண்ணனுக்கு மேலுக்குச் சொகமில்ல. வாந்தி எடுக்காரு. ஜீப்புல ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துக்கிட்டு இருக்கோம், வெரசா வாங்க."

விடுதிக்காரம்மா காரில் கொண்டுபோய் விட்டார். ஜீப்பும் அப்போதுதான் வந்து நின்றது. இறக்கும்போது பார்த்தேன். வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. அந்தக் குளிரிலும் வேர்த்துக் கொட்டியது. உடம்பு துடித்துக்கொண்டிருந்தது. காலையில் டேங்க் வெடிப்பு விட்டு முதுகெல்லாம் நனைந்திருக்கிறது. பாதியில் நிறுத்த மனமில்லாமல் மதியம் வரை அடித்திருக்கிறார். பாவம், கூட வந்தவர்கள் அவர் நடுங்குவதைப் பார்த்து, குளிர் என்று நினைத்து, அந்த ஈர ஸ்வெட்டரின் மேலேயே இரண்டு கம்பளியைப் போர்த்தி இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மேல்மலையிலிருந்து அவ்வளவு தூரமும். குளிரில் ஒருவன் நடுங்கினால் எங்கள் ஆட்களுக்குப் போர்த்தத்தான் தெரியும்.

நர்ஸம்மா ஒரே சத்தம். "மொதல்ல அந்த ஸ்வெட்டரக் கழட்டுங்க! தோல் வழியா இன்னும் ஏறிக்கிட்டே இருக்கு!"

கையுறை மாட்டிக்கொண்டு ஸ்வெட்டரை உருவி எடுத்தார்கள். கத்திரியால் சட்டையை வெட்டினார்கள். சோப்புப் போட்டுத் தண்ணீர் ஊற்றித் தலையிலிருந்து கால் வரை கழுவினார்கள். எனக்கும் ஒரு ஜோடி கையுறை கொடுத்து, "பிடிச்சுக்கங்கக்கா" என்றார்கள். நான் அவர் முதுகைக் கழுவினேன். கழுத்து மடிப்பு, கக்கம், காதுக்குப் பின்னால், விரல் இடுக்கு. கோசு இலையைத் தேய்க்கிற அதே கைதான். எத்தனை பேர் சாப்பாட்டுக்காக எத்தனை வாளி சோடாத் தண்ணீர் கரைத்திருப்பேன்! என் மனுஷனுக்கு அன்றுதான் முதல் தடவையாகத் தேய்த்துக் கழுவுகிறேன். ஐயோ என்று கத்தத் தோன்றியது. கத்தவில்லை, தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

டாக்டர் கண்ணில் லைட் அடித்துப் பார்த்தார். கண்மணி ஊசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஊசி மேல் ஊசி போட்டார்கள். மூச்சு இழுத்தது. மெஷின் வேண்டும், கீழே கொண்டு போக வேண்டும் என்றார்கள். வத்தலக்குண்டு வரைக்கும் வளைவுக்கு வளைவு அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸில் உட்கார்ந்திருந்தேன். ஒரு இடத்தில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சில நாள் மெஷினில் வைத்திருந்தார்கள். பிறகு அவரை அதே மலைப் பாதையில் மேலே கொண்டுவந்தோம்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் அன்று கட்டிக் கொடுத்த பிளாஸ்டிக் பை வாசலில் கிடந்தது. உள்ளே ஸ்வெட்டர். "தொடாதீங்க, பொதச்சிருங்க" என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் உடம்பில் தினமும் கிடந்தது என்று எனக்கு மிச்சம் அது ஒன்றுதான். விடுதியிலிருந்து சோடாப் பெட்டி முழுவதையும் எடுத்து வந்தேன். கையுறை போட்டுக்கொண்டு, ஓடையிலிருந்து தள்ளி, பழைய வாளி ஒன்றில் ஊற வைத்தேன். கால் மணி நேரம் இல்லை, பகல் முழுக்க. அலசினேன், தண்ணீரைக் குழி தோண்டி ஊற்றினேன், மறுபடி ஊற வைத்தேன். அடுத்த நாளும் அதே சோலிதான்.

பிழிந்து விரித்தபோது நாற்றம் அப்படியே இருந்தது. அவருடைய பீடி வாசம் இல்லை, வேர்வை வாசம் இல்லை. அதெல்லாம் போய்விட்டது. மருந்து மட்டும்தான் இருந்தது.

அதே குழியில் போட்டு மண்ணைத் தள்ளினேன். மறுநாள் வெள்ளனே விடுதிக்குப் போனேன். புதிதாக வந்திருந்த ஒரு பெண் அடுப்படி வாசலில் நின்று கேட்டது.

"அக்கா, காயெல்லாம் நல்லாக் கழுவிட்டீங்களா?"

"கழுவிட்டேம்மா" என்றேன்.