அழித்த வாக்கெடுப்பு

வெனிங் அக்கா பதினோரு ஆண்டுகள் பசுருவான் நகரில் ஒரு சலவை இயந்திரத் தொழிற்சாலையில் திருகு முடுக்கியவர். பிறகு மலாங் நகரில், பெரிய சந்தைக்குப் பின்புறம், பழுதுபார்க்கும் கடை போட்டார். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. இயந்திரம் உள்ளே வந்ததும், வாடிக்கையாளர் சொன்ன குறையை அவர் சொன்ன வார்த்தையிலேயே காகித டேப்பில் எழுதி மூடிமேல் ஒட்டுவார். “ராத்திரி பூனை மாதிரி கத்துது.” “மாமியார் தொட்டா மட்டும் ஓடுது.” இயந்திரத்தை வாங்கிப்போனவர் சரியாகிவிட்டது என்று தன் வாயால் சொன்ன பிறகுதான் டேப் குப்பைக்குப் போகும். அதுவரை, மூடியிலிருந்து எடுத்து மேசை ஓரத்தில் ஒட்டிவைத்திருப்பார்.

அவருடைய யூடியூப் சேனலுக்குப் படம்பிடித்து வெட்டி ஒட்டுபவன் நான், தனு. அதிகம் பேசமாட்டேன். கேமராவுக்குப் பின்னால் நிற்க அது வசதி.

இரண்டாம் சீசனுக்கு நேயர்களே தலைப்பு தரட்டும் என்றார் அக்கா. முதலில் ஒரு பதிவு போட்டுக் கேட்டோம். இரண்டு வாரத்தில் முந்நூற்றுச் சொச்சம் பின்னூட்டங்கள். ஒரே கேள்வியைப் பத்துப் பேர் பத்து விதமாகக் கேட்டிருந்தார்கள். அவற்றைச் சேர்த்து இருபது தலைப்புகளாக்கினேன். ஒரு வாக்கெடுப்பில் ஐந்து விடைகள்தான் வைக்க முடியும். ஆக நான்கு வாக்கெடுப்பு, ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு. எட்டு அத்தியாயம்.

மூன்றாவது வாக்கெடுப்பில் ‘இன்வெர்ட்டர் போர்டைப் பழுதுபார்ப்பது’ ஐம்பத்தெட்டு விழுக்காட்டில் நின்றது. மோட்டாரை ஓட்டும் அந்த மின்சுற்றுப் பலகையைப் பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள். அக்கா அதற்குள் கைவைத்து நான் பார்த்ததில்லை. புதுப் பலகை மாற்றிக் கொடுத்துவிடுவார். இத்தனை ஆயிரம் பேர் முன்னால் அவர் திணறுவதை நான் படம்பிடிக்கவேண்டுமா?

போட்ட வாக்கெடுப்பில் ஒரு விடையை மட்டும் நீக்க வழியில்லை. முழுவதையும் அழித்தேன். விழுந்த வாக்குகளும் போயின. அந்த விடையை எடுத்துவிட்டு, ‘நீர் வடியாவிட்டால்’ என்பதைப் புகுத்தி, புதிதாகப் போட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை.

ஞாயிறு காலை நேரலையில் சீசனை அறிவித்தார் அக்கா. பிளிதார் ஊரிலிருந்து சோலிகின் என்பவர் எழுதினார்: “இன்வெர்ட்டர் முன்னாடி இருந்துச்சே? என் கேள்வி எங்கே? அழிச்சிட்டீங்களா?”

அக்கா சிரித்தார். “எங்க வாக்கெடுப்புல யாரும் கை வைக்கமாட்டாங்க, ஐயா. நீங்க வேற சேனலப் பாத்திருப்பீங்க. கண்ணாடிய மாத்துங்க.”

அரட்டையில் எல்லாரும் சோலிகினைக் கேலி செய்தார்கள். நான் கேமராவுக்குப் பின்னால் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் வெளிச்சத்தைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

நேரலை முடிந்த அரை மணியில் சோலிகின் பழைய வாக்கெடுப்பின் திரைப்பிடிப்பைப் போட்டார். எங்கள் சேனல் பெயர், ஐம்பத்தெட்டு விழுக்காடு, எல்லாம் தெளிவாக இருந்தது.

அக்கா வறுத்த டெம்பே சோயாத் துண்டைக் கடித்தபடி அதைப் பார்த்தார். மெல்லுவது நின்றது.

“என்னடா இது?”

“நான்தான், அக்கா. உங்களுக்கு அது...”

“வராதுன்னு நீயே முடிவு பண்ணிட்ட.”

“நீங்க அசிங்கப்படக் கூடாதுன்னு...”

“தெரியாதுன்னு சொல்றதுல எனக்கு என்ன அசிங்கம்? அந்த மனுஷன கண்ணாடி மாத்தச் சொன்னேனே, அதுதான்டா அசிங்கம். நீ அங்கதானே நின்ன?”

அங்கேதான் நின்றேன்.

டேப்பைக் கிழித்து எழுதினார்: “சோலிகின், பிளிதார்: என் கேள்வி எங்கே?” மேசை ஓரத்தில், என் கண்ணுக்கு நேரே ஒட்டினார்.

முதல் அத்தியாயம் இன்வெர்ட்டர் பலகைதான். தொடக்கத்தில் அக்கா கேமராவைப் பார்த்துச் சொன்னார்: “உங்க வாக்க நாங்க அழிச்சிட்டோம். சோலிகின் ஐயா சொன்னது நிஜம். நான் கேலி பண்ணது தப்பு. இந்த வேல எனக்குத் தெரியாது. சேந்து பாப்போம்.” பிறகு மின்தேக்கியில் தங்கிய மின்சாரத்தை இறக்கி, அளந்து பார்த்துவிட்டு, பிசினைச் சுரண்டினார். மூன்று நாள். பலகை உயிர்பெறவில்லை. எங்கே தோற்றார் என்பதையும் காட்டச் சொன்னார்.

வெட்டி ஒட்டும்போது அந்த ‘நாங்க’ என்ற சொல்லில் நிறுத்தி நிறுத்திக் கேட்டேன்.

“அக்கா, ‘தனு அழிச்சான்’னு மறுபடி பேசுங்களேன்.”

“கடை பேரு என் பேரு. ஒனக்கு மனசு உறுத்துச்சுன்னா நீ எழுது.”

காணொளிக்குக் கீழே என் பெயரில் எழுதினேன்: அழித்தது நான், அக்காவுக்குத் தெரியாது, நேரலையில் பேசாமல் நின்றதும் நான். நான்கு வரிக்கு ஒரு மணி நேரமானது.

மறுநாள் சோலிகின் அதற்குக் கீழே ஒரே சொல் எழுதியிருந்தார்: “பார்த்தேன்.”

டேப்பை எடுக்கலாமா என்று கண்ணால் கேட்டேன்.

“பாத்தேன்னுதானே சொல்லியிருக்கார்,” என்றார் அக்கா, அடுத்த இயந்திரத்தின் மூடியைத் திறந்தபடி. “சரியாயிடுச்சுன்னு சொல்லலையே. இருக்கட்டும்.”