எழுத்தால் ரூபாய்

மெஷினுக்குத் தமிழ் தெரியாது. அதற்கு இங்கிலீஷ் பெரிய எழுத்தும் எண்ணும் நாலைந்து குறிகளும்தான் தெரியும். அதை வைத்துக்கொண்டு தமிழில் தொகை எழுத வைக்கிறேன் என்று கிளம்பினேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எழுபதுகளில் ஊரிகத்தில் தங்கச் சுரங்கத்தின் கணக்கு ஆபீஸில் வேலை. பில்லும் செக்கும் பெங்களூரில் வாடகைக் கம்ப்யூட்டரில் அச்சாகும். அதற்கு ப்ரோக்ராம் எழுதுவது நான். இங்கிலீஷில் தொகையை எழுத்தாக்குவது சுலபம். ஆயிரத்தைப் பிரி, நூற்றைப் பிரி, மிச்சம் பத்தொன்பது வரை ஒரு பட்டியல், அதற்கு மேலே பத்துகளுக்கு இன்னொரு பட்டியல். கடைசியில் 'ஒன்லி'. சரக்குக் கடைக்காரர்களுக்கு அது போதும்.

ஆனால் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்டுகளை மூடி ஆட்களை வீட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். கணக்குத் தீர்க்கும் சீட்டு வீட்டுக்கு வரும். செக் பின்னால் வரும். சீட்டு முழுக்க இங்கிலீஷ். தமிழ் மட்டும் படித்தவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு ஆள் தேடி அலைந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். அச்சாபீஸில் சீட்டிலேயே தமிழில் கட்டம் போட வைத்தேன். மேலே ஆயிரம், நூறு, பத்து, ஒன்று. ஒவ்வொன்றின் கீழும் பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று ஒன்பது வரை, வரிக்கு ஒரு சொல். மெஷின் வரி வரியாக இறங்கும்போது அந்த வரியின் எண் எந்தக் கட்டத்துக்குப் பொருந்துகிறதோ அங்கே நட்சத்திரக் குறி போடும். நட்சத்திரம் பக்கத்தில் இருக்கிற சொல்லைப் படித்தால் தொகை: ஆயிரத்தின் கீழே இரண்டு என்றால் இரண்டாயிரம். ஆபீசர் முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

பக்கத்துச் சுரங்கமான பாலகாட்டில் இருந்த என் அக்காவிடம்தான் முதலில் பெருமை அடித்தேன். மாமாவுக்கு நெஞ்செல்லாம் சுரங்கத் தூசி. அவர் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது. கம்பெனி கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஆண்டர்சன்பேட்டையில் ஒரு ஓட்டு வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள்.

"பிடித்தம் அது இதுன்னு எண்ணு நெறைய இருக்கும்க்கா. அதைப் பாத்து கொழம்பாதே. நட்சத்திரத்தைப் படி. பேங்க்ல கூட எண்ணும் எழுத்தும் வேற வேறயா இருந்தா எழுத்துதான் செல்லும்" என்றேன்.

"அப்படியாடா? இனிமே எவன் வாசப்படியும் மிதிக்க வேணாம்" என்றாள்.

பாலகாட் ஆட்களின் சீட்டுக் கட்டு அச்சாகும்போது காகிதம் கிழிந்து, ஆபரேட்டர் புதுக் காகிதம் மாட்டினான். ஒரு வரி மேலே ஏறி மாட்டிவிட்டான். அவ்வளவுதான். எல்லா அச்சும் ஒரு வரி கீழே விழுந்தது. இங்கிலீஷ் எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வெற்றிடத்தில் கொஞ்சம் கீழே உட்கார்ந்தது. நட்சத்திரங்கள் மட்டும் அடுத்த சொல்லுக்கு இறங்கின. இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது என்பது மூன்றாயிரத்து எழுநூற்று ஐம்பத்தொன்று ஆனது. பெங்களூரில் சரிபார்த்த ஆபீஸில் தமிழ் படிப்பவர் எவரும் இல்லை. இங்கிலீஷைப் பார்த்தார்கள், சரி என்றார்கள், அனுப்பினார்கள்.

அக்கா சீட்டைப் படித்தாள். அன்றைக்கே கழுத்துச் செயினை விற்று வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டாள். மிச்சத்தைச் சொன்ன நாளில் கட்டாவிட்டால் முன்பணம் திரும்ப வராது என்று பேச்சு.

செக் வந்தது. பேங்க் கவுண்டரில் அவளோடு நானும் நின்றேன். எண்ணிலும் இங்கிலீஷ் எழுத்திலும் இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பதுதான்.

"இன்னாடா இது? சீட்டுல மேல எண்ணு கம்மியா இருந்திச்சி, நானும் பாத்தேன். நீதானே எழுத்துதான் செல்லும்னே?"

அந்த விதி செக்கில் இருக்கும் எழுத்துக்கு. வீட்டுக்கு வந்த சீட்டுக்கு இல்லை. அதை எப்படிச் சொல்வது?

ஆபீசரிடம் போய்க் கத்தினேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "இங்கிலீஷ் கரெக்டாத்தானே இருக்கு? தமிழாலதான் தொல்லை. எடுத்துடுங்க" என்றார். எடுத்தேன். என் கையாலேயே நட்சத்திர வரிகளை ப்ரோக்ராமிலிருந்து நீக்கினேன்.

வீடும் போயிற்று, முன்பணமும் போயிற்று. மாமா எங்கள் வீட்டுக் கூடத்தில் இருமி இருமித்தான் செத்தார்.

சர்ச்சில் தமிழிலேயே அச்சடித்த அடக்க ஆராதனைத் தாளைக் கொடுத்தார்கள். மாமாவின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. பைபிளைத் தடங்கலில்லாமல் படிக்கிறவள் என் அக்கா. அந்தத் தாளை என்னிடம் நீட்டினாள்.

"இதுல இன்னா போட்டிருக்குன்னு நீ பாத்து சொல்லுடா. நான் படிச்சா தப்பாப் பூடும்."