ஏழு வாசிப்பும் ஒரு வணக்கமும்

எட்டாவதோடு நின்றவன் நான். மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஷெட்டில் ஒயரிங் வேலை. முதலாளி இன்ஜினியர். ஆலைகளுக்கு வருகைப் பதிவு மிஷின் செய்து விற்பார். தொழிலாளி துளை போட்ட பிளாஸ்டிக் அட்டையைச் செருகுவார். துளை வழியே விளக்கொளி போகும். மிஷின் நம்பரைப் படிக்கும். துணித் தூசு துளையை அடைக்கும் என்பதால் ஒரு அட்டையை ஏழு தடவை படிக்கும். எந்த நம்பர் பாதிக்கு மேல் வருகிறதோ அதுதான் நம்பர்.

புரோகிராம் எழுதியவர் சேலையூரிலிருந்து வந்த மேடம். என்னை அண்ணா என்பார். ஒவ்வொரு நம்பரும் எத்தனை தடவை வந்தது என்று எண்ண நூறு பெட்டி வேண்டுமாம். சிப்பில் இடமில்லை. அதனால் ஓட்டு முறை வைத்தார். இரண்டே பெட்டி. ஒன்றில் நம்பர், ஒன்றில் கணக்கு. அதே நம்பர் வந்தால் கணக்கில் ஒன்று கூட்டு. வேறு வந்தால் ஒன்று குறை. கணக்கு பூஜ்யமாக இருந்தால் அடுத்து வருவதுதான் புது நம்பர், கணக்கு ஒன்று.

“கடைசியில நிக்கிறது சரின்னு எப்டி மேடம் நம்புறது?”

“குறைக்கிற ஒவ்வொரு தடவையும் வேற வேற நம்பர் ரெண்டு சேர்ந்து வெளிய போகுதுண்ணா. ஒரு நம்பர் பாதிக்கு மேல இருந்தா, ஜோடி போட்டுத் தள்ள மத்ததெல்லாம் பத்தாது. அது மிஞ்சியே தீரும். ஆனா பாதிக்கு மேல எதுவுமே இல்லன்னாலும் ஏதாவது ஒண்ணு மிஞ்சலாம். அதனால மிஞ்சினதைத் திரும்ப எண்ணிப் பாக்கணும். நாலு தடவையாவது இல்லன்னா சிவப்பு விளக்கு.”

எனக்கே புரிந்தது. முதலாளிக்குப் பாதி புரிந்தது. அதுதான் ஆபத்து.

அட்டை செருகினால் “வணக்கம்” என்று எழுத்து ஓட வேண்டும், கீழே தன் கம்பெனிப் பெயரும் ஓட வேண்டும் என்றார். சிப்பில் இடமில்லை என்றார் மேடம்.

“மிஞ்சினது சரின்னு நீங்கதானே சொன்னீங்க? சரியானதை எதுக்கு திரும்ப எண்ணணும்? அந்த செக்கிங்கைத் தூக்குங்க.”

“பாதிக்கு மேல இருந்தாதான் சார் சரி.”

“எல்லாம் இருக்கும்.”

தூக்கினார்கள். வணக்கம் ஓடியது. மனுஷனுக்கு வணக்கம் சொல்லாதவர் மிஷினைச் சொல்ல வைத்தார்.

தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு தையல் ஆலையில் நான்தான் மாட்டினேன். சில வாரத்தில் கூப்பிட்டார்கள். பதினாறாம் நம்பர் அக்கா, கீழ்க்கட்டளைக்காரர். வேலைக்கு வந்த சில நாட்களிலும் வரவில்லை என்று பதிவு. இன்னொரு தடவை அப்படி விழுந்தால் பெயரை எடுத்துவிடுவார்கள். ஊருக்குப் போயிருந்த ஐம்பத்தாறாம் நம்பருக்கோ அன்றெல்லாம் வருகை.

“வந்தவ வரல, வராதவ வந்துகிறா. இன்னாய்யா மிஷினு இது?” என்றார் அக்கா.

முதலாளி போனிலேயே தீர்ப்புச் சொன்னார். “அந்தம்மா பொய் சொல்லுது. மிஷின் பொய் சொல்லாது.”

அக்காவின் அட்டையை வாங்கி ஷெட்டுக்கு வந்தேன். ஒரு துளையில் பஞ்சு ஆடிக்கொண்டிருந்தது. மேடம் செருகி, ஏழு வாசிப்பையும் திரையில் வரவழைத்தார். 16, 14, 16, 14, 16, 14, 56.

“பஞ்சு அடைச்சா பதினாலு. கடைசி, அட்டையை உருவும்போது படிச்சது.” விரலால் தட்டிக்கொண்டே போனார். “பதினாறு, பதினாலு, ஒண்ணுக்கொண்ணு போச்சு. திரும்பவும் போச்சு. இன்னொரு தடவையும் போச்சு. கணக்கு பூஜ்யம். அப்போ ஐம்பத்தாறு வந்து உக்காந்துடுச்சு. ஒரே ஒரு தடவை வந்தது.”

பதினாறு மூன்று தடவைதான். ஏழில் பாதிக்கு மேல் யாருமே இல்லை. திரும்ப எண்ணியிருந்தால் ஐம்பத்தாறு அங்கேயே அடிபட்டிருக்கும்.

முதலாளி திரையைப் பார்த்தார். “அட்டையை சுத்தமா வெச்சுக்கச் சொல்லுங்க” என்றார்.

“தையல் ஆலையில பஞ்சு இருக்காதா சார்?” என்றேன்.

மேடம் யாரையும் கேட்காமல் வணக்கத்தை அழித்தார். அந்த இடத்தில் செக்கிங்கைத் திரும்ப எழுதினார். முதலாளி தடுக்கவில்லை. ஆலைக்காரர் ஆர்டர் கொடுத்திருந்த பாக்கி மிஷின்களை வேண்டாம் என்றுவிடுவார் என்ற பயம்.

மறுநாள் புதுச் சிப்பை மாட்டினேன். ஏழு வாசிப்பையும் எழுதிப் போட்டு ஆலை மேனேஜருக்கு விளக்கினேன். அக்காவின் நாட்களைத் திருத்திக் கொடுத்தார். அக்கா அட்டையைச் செருகினார். சிவப்பு விளக்கு.

“பாரு, மறுபடியும் இல்லைன்னுது!”

“இல்லைன்னு சொல்லலக்கா. தெரியலன்னு சொல்லுது. ஊதிட்டுப் போடு.”

ஊதினார். செருகினார். பச்சை. பதினாறு.

“தெரியலன்னு சொல்ல இவ்ளோ நாளா வலிச்சுதா அதுக்கு?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

அடுத்த மாதம் முதலாளி புது நோட்டீஸ் அடித்தார். சிவப்பு விளக்கு அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பாம். விலையும் ஏற்றினார். படித்துவிட்டு, ஈயம் வைக்கும் சால்டரிங் அயர்னைத் துடைக்க அந்த நோட்டீஸை வைத்துக்கொண்டேன்.