பத்து மணி நேர வைக்கோல்

பண்ணையார் அனந்தநாராயணன் சொன்ன கணக்கு, திருத்துறைப்பூண்டி கூட்ஸ் குமாஸ்தா நாகேஸ்வரனுக்கு அருவருப்பைத் தந்தது. கூலித் தகராறில் வெறுத்துப்போய் நிலத்தை விற்ற பண்ணையார், செங்கல்பட்டுக்கு விற்க அனுப்பும் எட்டு மாடுகளுக்குப் பத்து மணி நேரத்துக்கான வைக்கோலும் தண்ணீரும் மட்டுமே வேகனில் ஏற்றியிருந்தார்.

“முந்நூறு கிலோமீட்டர், மணிக்கு முப்பது. பத்து மணிதானே ஓய்?”

“அது ஓடுற நேரம் மட்டும். மாயவரம் யார்டுல வேற வண்டியோட கோக்க ஆறு மணி, விழுப்புரம் யார்டுல நாலு, டிரைவரும் கார்டும் மாற ரெண்டு, பாசஞ்சருக்கெல்லாம் ஒதுங்கி நிக்க மூணு. இருபத்தஞ்சு ஆகும். மாடு துவண்டு விழுந்துடும். நான் ரசீது போடமாட்டேன்.”

பண்ணையார் முணுமுணுத்துக்கொண்டே மேலும் வைக்கோலும் தண்ணீரும் ஏற்றச் செய்தார். ரசீதும் போட்டாயிற்று. மாடுகளுக்குத் துணையாகப் போகும் பண்ணையாள் வைரக்கண்ணு, ஒரே ஒரு சோற்றுப் பொட்டலத்துடன் ஏறினான்.

“இவனுக்கு?” என்றார் நாகேஸ்வரன்.

“அவன் என்ன மாடா, விலை போக?” பண்ணையார் சிரித்தார்.

“பட்டினி எனக்குப் புதுசாங்க?” என்றான் வைரக்கண்ணு.

எஞ்சின் ஊதியது. நாகேஸ்வரன் தம் சாப்பாட்டுத் தூக்கை வேகனுக்குள் தள்ளினார். அதுவும் ஒரு வேளைக்குத்தான் காணும். மாடுகளுக்கு மட்டுமே மணி எண்ணிய தம்மீதே அவருக்கு அருவருப்பாக இருந்தது.